உதடு முந்தும், ஒலி பிந்தும்

கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டு ‘பூசணிக்காய்’ என்று சொல்லத் தயாராகுங்கள். சொல்ல வேண்டாம், தயாரானால் போதும். உதடுகள் ஒட்டியிருக்கும். ஒட்டிய நிலையிலேயே அவை குவிந்து, சற்றே முன்னே துருத்தியிருக்கும். இப்போது ‘பீர்க்கங்காய்’ என்று சொல்லத் தயாராகுங்கள். இந்த முறையும் உதடுகள் ஒட்டித்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டு பக்கமும் இழுபட்டு அகன்றிருக்கின்றன. இன்னும் ஒரு சத்தமும் எழவில்லை. ஆனாலும் எதிரே இருப்பவர் கவனித்துப் பார்த்தால் வரப்போவது எந்தக் காய் என்று ஊகித்துவிடலாம்.

வீடியோ கேமில் பேசும் பாத்திரத்துக்கு வாயசைவு கொடுப்பவர்களைத் திணறவைக்கும் விஷயம் இதுதான். அவர்கள் கையில் இருப்பது நடிகர் பேசிய ஒலிக்கோப்பு ஒன்று. பாத்திரத்தின் வாய்க்கு ஏழெட்டுப் படங்கள் வரைந்து வைத்திருப்பார்கள். ஒலிக்கோப்பின் எந்தக் கணத்தில் எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். ஆனால் வாய் செய்கிற வேலை ஒலிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது, ஒலிக்கோப்பிலோ ஒலி மட்டும்தான் இருக்கிறது. எந்த ஒலிக்கு எந்த வடிவம் என்ற கேள்விக்குத்தான் புதிதாக வருபவர்கள் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். அதில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். எப்போது என்பதில் பிசகினால்தான் ‘என்னவோ சரியில்லையே’ என்பார்.

முதலில் வடிவங்கள். அமெரிக்க ஆங்கிலத்தின் ஒலிகளைக் கணினி அகராதிகள் வழக்கமாக 39 ஒலியன்களாகப் பிரிக்கின்றன. அதற்காக 39 வாய்கள் வரையத் தேவையில்லை. ஃபிளின்ட்ஸ்டோன்ஸ், ஸ்கூபி டூ போன்ற தொலைக்காட்சித் தொடர்களை எடுத்த ஹன்னா-பார்பெரா ஸ்டூடியோ ஆறு வாய்களிலேயே வேலையை முடித்தது. அந்த ஆறும் இன்றைக்கும் இரு பரிமாண அனிமேஷனில் புழங்குகின்றன. டேனியல் வுல்ஃப் எழுதிய ருபார்ப் என்ற இலவச மென்பொருள் அவற்றுக்கு எழுத்துப் பெயர்களே வைத்திருக்கிறது. `A` என்பது ப, ம போன்றவற்றுக்கான மூடிய வாய். `B` பற்கள் நெருங்கி உதடு இலேசாகத் திறந்த நிலை; க, ச, த போன்ற பெரும்பாலான மெய்களுக்கும் ‘ஈ’க்கும் இதுவே. `C` ‘எ’ சொல்லும்போது வரும் நடுத்தரத் திறப்பு. `D` ‘ஆ’ என்று விரியத் திறந்த வாய். `E` ‘ஒ’ போல் இலேசாக உருண்டது. `F` ‘ஊ’ போல் நன்றாகக் குவிந்தது. விருப்பமிருந்தால் இன்னும் மூன்று வரைந்துகொள்ளலாம். மேல்பல் கீழுதட்டைத் தொடும் `G`, நாக்கு மேலெழுந்து தெரியும் `H`, பேசாமல் இருக்கும்போது காட்டும் `X`. 2017-இல் வெளிவந்த ‘தம்பிள்வீட் பார்க்’ என்ற சாகச விளையாட்டின் பாத்திரங்கள் இந்த மென்பொருளின் துணையோடுதான் வாயசைத்தன.

ஒலிகளை வாயின் தோற்றத்தை வைத்து இனம் பிரிப்பது தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்காது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. பகரமும் மகரமும் உதடுகள் சேர்வதால் பிறக்கும், வகரம் மேல்பல்லும் உதடும் பொருந்தப் பிறக்கும், உகர ஒகரங்கள் உதடு குவியப் பிறக்கும் என்று அது சொல்வதை அப்படியே `A`, `G`, `F` என்று பெயர் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணக்காரருக்கு நாக்கும் அண்ணமும் முக்கியம். ல, ள, ழ, ன, ண, ர, ற என்று நாம் அரும்பாடுபட்டுப் பிரித்துச் சொல்லும் ஒலிகள் எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை. வெளியிலிருந்து பார்க்கும் அனிமேட்டருக்கு அவற்றுக்குள் வேறுபாடே இல்லை. பக்கத்தில் எந்த உயிர் இருக்கிறதோ அதன் வடிவத்தை இவை கடன் வாங்கிக்கொள்கின்றன.

அப்படியானால் கண்டிப்பாகச் சரியாக இருக்க வேண்டியவை எவை? முதலிடம் மூடிய வாய்க்கு. உதடு திறந்திருக்கும்போது ப, ம என்ற ஒலிகளை யாராலும் எழுப்ப முடியாது. நாம் பிறந்ததிலிருந்து மனித முகங்களைப் பார்த்துவருகிறோம், அந்த விதியை ஒரு முகமும் மீறியதில்லை. திறந்த வாயிலிருந்து ‘மாமா’ என்ற சத்தம் வந்தால் காரணம் புரியாவிட்டாலும் கண் உடனே துள்ளுகிறது. அடுத்த இடம் பல்லும் உதடும் சேரும் வகரத்துக்கு. அதற்கடுத்து குவிந்த உதடு. மீதி ஒலிகளில் வாய் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ திறந்திருந்தால் கவனிப்பவர் சொற்பம். டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூலத்தில் நடிகரின் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வரும் தமிழ்ச் சொல்லைத் தேடி வைப்பார்கள். மற்ற இடங்களில் அவ்வளவு கவலைப்படமாட்டார்கள்.

கண்ணுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதை ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் 1976-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். ‘க’ என்று சொல்லும் முகத்தின் காட்சியோடு ‘ப’ என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள். இங்கே க, ப என்பவற்றை ஆங்கிலத்தின் அதிர்வுள்ள ஒலிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்டதாகச் சொன்னது ‘த’ என்ற மூன்றாவது ஒலியை. காதில் விழுந்தது மூடிய உதட்டின் ஒலி, கண்ணில் பட்டதோ மூடாத உதடு. மூளை இரண்டுக்கும் ஒத்துவரும் ஒன்றைத் தானே முடிவுசெய்துகொண்டது. ஆகவே தவறான வாயசைவு அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. சில சமயம் வசனமே வேறாகக் கேட்கும்.

கேம்கள் தொடக்கத்தில் இவ்வளவு யோசிக்கவில்லை. 1998-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டில் குரலின் வலுவுக்கு ஏற்பத் தாடை இறங்கி ஏறும், அவ்வளவுதான். செலவில்லாத வழி, தொலைவில் நிற்கும் பாத்திரத்துக்கு இன்றைக்கும் அது போதும். ஆனால் நெருக்கத்தில் பார்த்தால் தவறு மிகச் சரியாகத் தவறக் கூடாத இடத்தில் நேர்கிறது. ‘ம்’ என்ற முனகலுக்கு வலு உண்டு, எனவே உதடு ஒட்ட வேண்டிய நேரத்தில் வாய் திறக்கிறது. ‘ஸ்’ சத்தமாக இருக்கும், எனவே பற்கள் நெருங்க வேண்டிய நேரத்தில் தாடை தொங்குகிறது. 2004-இல் வந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ வசனத்தின் எழுத்து வடிவத்தையும் ஒலிக்கோப்பையும் பொருத்தி, எந்த ஒலியன் எப்போது தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தகவலை ஒலிக்கோப்புக்குள்ளேயே பதித்துவைத்தது. பல கேம்கள் இன்றும் இந்த வழியில்தான் செல்கின்றன.

ஒரு தமிழ் வசனத்தை எடுத்துக்கொண்டு இந்த வேலையைக் கடைசிவரை செய்து பார்ப்போம். ஒரு சிறுமிப் பாத்திரம் கேட்கிறாள்: ‘மாமா, பழம் வாங்குனீங்களா?’ சாதாரண வேகத்தில் பேசினால் இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடும்.

எழுத்தை மட்டும் பார்த்து வடிவங்களை ஒதுக்கினால் இந்த ஒரு வரியிலேயே இரண்டு இடங்களில் அடி சறுக்கும். முதலாவது, ‘பழம்’ என்பதன் மகர ஒற்று. எழுத்தில் ‘ம்’ இருக்கிறது, எனவே மூடிய வாய் `A` என்று எந்த விதியும் சொல்லும். பேச்சில் யாரும் அங்கே உதட்டை மூடுவதில்லை. சொல்லின் கடைசியில் வரும் ‘அம்’ பேச்சுத் தமிழில் மூக்கொலி ஏறிய ஒகரமாக மாறிவிடுகிறது. உதடுகள் உருள்கின்றன, ஒட்டுவதில்லை. மரம், பணம், நேரம் எல்லாம் இப்படித்தான். செய்தி வாசிப்பவர் நிறுத்தி வாசிக்கும்போது மூடுவார், வீட்டில் பேசும் சிறுமி மூடமாட்டாள். இரண்டாவது, ‘வாங்கு’ என்பதன் உகரம். ‘உ’ என்றதும் விதி உதட்டைக் குவித்து `F` போடும். ஆனால் வந்து, போச்சு, வாங்கு என்று வல்லினத்தை அடுத்துக் கடைசியில் வரும் உகரத்தில் உதடு குவிவதில்லை. இலக்கணம் அதைக் குறுகிய உகரம் என்று தனியாகவே வைத்தது. இங்கே அதன் பின்னால் ‘னீ’ சேர்ந்திருந்தாலும் வேகப் பேச்சில் அது குவியாமலே போய்விடுகிறது. எழுத்து விதியை நம்பிய பாத்திரம் ஒவ்வொரு ‘வந்து’வுக்கும் ‘போச்சு’வுக்கும் முத்தம் கொடுக்கப் போவதுபோல் வாயைக் குவிக்கும். தமிழ் பேசும் அனிமேஷன் பாத்திரம் ஒன்று விநோதமாகப் பேசுவதாகத் தோன்றினால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு இடங்களைத்தான்.

ஆகவே எழுத்தை ஒதுக்கிவிட்டு ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். ருபார்ப்பின் இயல்பான முறை ஆங்கிலச் சொற்களை எதிர்பார்க்கும். மற்ற மொழிகளுக்கு, சொல் என்ன என்று கேட்காமல் ஒலியை மட்டும் கணிக்கும் இன்னொரு முறை இருக்கிறது:

```
rhubarb -r phonetic -f tsv -o mama.tsv mama.wav
```

அது முதல் வரைவைத் தரும், துல்லியம் ஆங்கிலத்துக்கு இருப்பதைவிடக் குறைவு. மீதியை அலைவடிவத்தைத் திரையில் விரித்துவைத்து, காதால் கேட்டுத் திருத்த வேண்டும். நம் வசனத்தில் முதல் ‘ம்’ 0.20-ஆவது வினாடியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘மா’வின் ஆகாரம் 0.28-இல், இரண்டாவது ‘ம்’ 0.44-இல், அதன் ஆகாரம் 0.52-இல். 0.72-இல் சிறுமி மூச்சு விடுகிறாள். பிறகு ‘ப’ வெடித்து 0.96-இல் அகரம் தொடங்குகிறது. 1.03-இல் ழகரம், 1.22-இல் வகரம், 1.28-இல் ‘வா’வின் ஆகாரம், 1.44-இல் ‘ங்’, 1.56-இல் ‘னீ’, 1.82-இலிருந்து ‘களா’வின் அகரம், 1.93-இல் கடைசி ஆகாரம், 2.15-இல் அமைதி.

இங்கே பகரத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மகரம் உதடு மூடியிருக்கும்போதே மூக்கு வழியாக ஒலிக்கும், அதனால் அதன் தொடக்கமும் முடிவும் அலைவடிவத்தில் தெரியும். பகரம் அப்படியல்ல. உதடுகள் மூடி, காற்றை அடைத்து, பிறகு படாரென்று விடுகின்றன. அடைத்திருக்கும் நேரம் முழுக்க அமைதி. நம் வசனத்திலோ அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு இடைநிறுத்தம் இருக்கிறது, அதுவும் அமைதி. சிறுமியின் உதடு எப்போது மூடியது என்பதை ஒலிக்கோப்பிலிருந்து எந்த மென்பொருளாலும், எந்த மனிதராலும் கண்டுபிடிக்க முடியாது. காதுக்கு எட்டுவது 0.95-ஐ ஒட்டி நிகழும் சின்ன வெடிப்பு மட்டும்தான். ஒலியைக் கணிக்கும் நிரல் பெரும்பாலும் அந்த வெடிப்பையே பகரம் என்று எடுத்துக்கொண்டு, இருபது முப்பது மில்லிவினாடி நீளமுள்ள ஒரு துணுக்கைப் பதிவுசெய்கிறது. வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமே 33 மில்லிவினாடி. மூடிய வாய் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்து, திரைக்கு வராமலே போய்விடலாம். வந்தாலும் தவறான நேரத்தில் வரும், ஏனென்றால் வெடிக்கும் கணம் உதடு திறக்கும் கணம். அதற்கு முன்புதான் அது மூடியிருக்க வேண்டும்.

திருத்தம் எளிது, கையால் செய்ய வேண்டும், அல்லது விதியாக எழுதி வைக்க வேண்டும். வெடிப்பிலிருந்து பின்னோக்கி எண்பது தொண்ணூறு மில்லிவினாடி நகர்ந்து, அங்கே மூடிய வாயைத் தொடங்க வேண்டும். இடைநிறுத்தத்தின் அமைதியிலிருந்து அதைக் கடன் வாங்குகிறோம், அங்கே அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. எந்த மூடலும் இரண்டு ஃபிரேம்களுக்குக் குறைவாக இருக்கக் கூடாது என்பதையும் கூடவே விதியாக்கிவிடலாம்.

அடுத்தது மொத்தப் பட்டியலையும் சற்றே முன்னால் தள்ளுவது. படம் வரையும் காலத்து அனிமேட்டர்களே வாயை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னதாக வைப்பது வழக்கம். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று நாம் காய்களை வைத்துப் பார்த்தது, வாய் உண்மையிலேயே முந்துகிறது. இன்னொன்று நம் புலன்களின் பழக்கம். ஒளி உடனே வருகிறது, ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் நடந்து வருகிறது. பதினான்கு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் அவர் உதட்டுக்கு 40 மில்லிவினாடி பிந்தித்தான் நமக்குக் கிடைக்கிறது. ஒலி பிந்துவது இயற்கையில் தினமும் நடக்கிறது, முந்துவது ஒருபோதும் நடப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தொலைக்காட்சிக்காக 1998-இல் வெளியிட்ட பரிந்துரையில் இந்தச் சாய்வு எண்ணாகவே இருக்கிறது. ஒலி காட்சியைவிட 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 மில்லிவினாடி வரை கவனிப்பதில்லை. பொறுத்துக்கொள்ளும் எல்லையும் அதே மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முந்துவதற்கு 90, பிந்துவதற்கு 185. எனவே சந்தேகம் வந்தால் வாயை முன்னால் தள்ளுவதே பாதுகாப்பு.

நம் வசனத்தை 30 மில்லிவினாடி, அதாவது ஏறக்குறைய ஒரு ஃபிரேம், முன்னால் தள்ளினால் பட்டியல் இப்படி வரும். பேச்சு நிற்கும் இடங்களைத் தள்ளவில்லை.

```
0.00  X
0.17  A
0.25  D
0.41  A
0.49  D
0.72  X
0.83  A
0.93  C
1.00  E
1.19  G
1.25  D
1.41  C
1.53  B
1.79  C
1.90  D
2.15  X
```

மூன்று `A`, ஒரு `G`. இந்த நான்கும் அசைக்க முடியாத தூண்கள், மீதியெல்லாம் பேரம் பேசலாம். 1.00-இல் வரும் `E` ழகரத்தையும் ‘அம்’ திரிந்த மூக்கொலியையும் ஒரே மூச்சில் முடித்துக்கொடுக்கிறது. நாக்கு வளைவது வெளியே தெரியாது, வரப்போகும் ஒகரத்துக்காக உதடு முன்கூட்டியே உருளத் தொடங்கிவிடும். ‘ங்கு’ இருக்கும் இடத்தில் `F` இல்லை, `C` இருக்கிறது. முன்னால் இருக்கும் ஆகாரத்திலிருந்து தாடை இன்னும் முழுதாக ஏறவில்லை என்பதே காரணம். ககரம் போன்ற ஒலிகளுக்கு ஒரே ஒரு வடிவம்தான் சரி என்பதில்லை. ருபார்ப்பும் ஒவ்வோர் ஒலிக்கும் ஏற்கத்தக்க வடிவங்களின் தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தைப் பார்த்து அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரே வடிவம் நீண்ட நேரம் நின்று வாய் உறைந்ததுபோல் ஆகும் இடங்களில் தொகுதியிலிருந்து வேறொன்றைப் போட்டு உயிர் கொடுக்கவும் பார்க்கிறது. இருபது ஒலிகள் கொண்ட வசனம் பதின்மூன்று அசைவுகளில் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். ஒலிக்கொரு வாய் என்று இருபதையும் காட்டியிருந்தால் உதடு படபடவென்று துடித்திருக்கும். நிறைய அசைந்தால் நன்றாகப் பேசுவதாகத் தோன்றும் என்பது ஆரம்பநிலைக்காரர்களின் நம்பிக்கை, நேர்மாறாகத்தான் நடக்கும்.

முப்பரிமாண முகம் என்றால் படத்துக்குப் பதில் முகத்தின் வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழையவிடுவார்கள். அங்கே ஒரு புதிய ஆபத்து. ஒவ்வொரு வடிவமும் ஏற 80 மில்லிவினாடி, இறங்க 80 மில்லிவினாடி என்று மென்மையாக வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இரண்டாவது ‘ம்’மின் மூடல் மொத்தமே 80 மில்லிவினாடிதான். கொஞ்சம் முன்னதாகவே அடுத்த ஆகாரத்தின் திறப்பு அதன்மேல் ஏறிவிட்டால், மூடல் எழுபது விழுக்காட்டோடு நின்று திரும்பிவிடுகிறது. உதடுகள் நெருங்கும், ஒட்டாது. பார்த்தால் இழைவாக, அழகாக இருக்கும். பாத்திரத்துக்கு உதடு மரத்துப்போனதுபோலவும் இருக்கும். வாயசைவு வழவழவென்று இருப்பதாகத் தோன்றினால் மூடல்கள் நூறு விழுக்காட்டை எட்டுகின்றனவா என்று எண்ணைப் பார்க்க வேண்டும். 2016-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் வெளியிட்டு, பின்னர் ‘சைபர்பங்க் 2077’-இல் பயன்பட்ட ஜாலி என்ற முறையில் இதற்கென்றே கறாரான விதி உண்டு. பாத்திரம் முணுமுணுத்தாலும் அலறினாலும், இரு உதட்டு ஒலி வந்தால் உதடு மூடியே தீர வேண்டும். பல்லுதட்டு ஒலி வந்தால் பல்லும் உதடும் தொட்டே தீர வேண்டும். தாடை எவ்வளவு திறப்பது, உதட்டை எவ்வளவு வளைப்பது என்பதை எல்லாம் நடிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், இதை மட்டும் மாற்ற முடியாது.

பட்டியல் சரியாக அமைந்த பிறகும் விளையாட்டுக்குள் போனதும் கெட்டுப்போக வழி இருக்கிறது. கேம் இரண்டு கடிகாரங்களை ஓட்டுகிறது. படம் ஃபிரேம் ஃபிரேமாக நகர்கிறது. ஒலி தனிப் பாதையில், வினாடிக்கு 48,000 அல்லது 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஓடுகிறது. வாயசைவை எழுதுபவர் பெரும்பாலும் முதலில் செய்வது, ஒவ்வொரு ஃபிரேமிலும் கழிந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது. திரையில் வெடிப்பு ஒன்று நிகழ்ந்து விளையாட்டு கால் வினாடி திக்கினால் ஒலி நிற்காமல் ஓடியிருக்கும். சில எஞ்சின்கள் நீண்ட ஃபிரேமின் நேரத்தை வெட்டிச் சுருக்கியும் விடும். அந்த வசனம் முடியும்வரை வாய் பின்தங்கியே இருக்கும். கேட்க வேண்டியது ஒலிக் கடிகாரத்தை. யூனிட்டியில் அது இவ்வளவுதான்:

```csharp
float t = voice.timeSamples / (float)voice.clip.frequency;
while (i + 1 < cues.Length && cues[i + 1].start <= t) i++;
mouth.sprite = shapes[cues[i].value];
```

எத்தனை மாதிரிகள் ஒலித்துவிட்டன என்று கேட்டு, அதை வினாடியாக்கி, அந்த நேரத்துக்குரிய வாயைக் காட்டுகிறோம். ஃபிரேம்கள் தவறினால் சில வாய்கள் விடுபடும், ஆனால் அடுத்த ஃபிரேமிலேயே வாயும் குரலும் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

பிசகு எங்கே என்று கண்டுபிடிக்க நீளமான வசனம் ஒன்று வேண்டும், அரை நிமிடமாவது ஓட வேண்டும். ஆரம்பத்திலும் கடைசியிலும் வரும் பகர மகரங்களை மட்டும் கவனியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் எங்கோ ஒரு நிலையான தாமதம் இருக்கிறது. பட்டியலை அசல் கோப்பிலிருந்து தயாரித்துவிட்டு விளையாட்டில் எம்பி3 ஆக்கிப் போட்டிருக்கலாம். அந்தச் சுருக்கும் முறை கோப்பின் தலையில் கொஞ்சம் அமைதியைச் சேர்க்கும். வழக்கமான 1,105 மாதிரிகள் என்றால் 25 மில்லிவினாடி. போகப்போக இடைவெளி பெரிதானால் கடிகாரக் கோளாறு. 44,100-இல் பதிவான கோப்பை 48,000 என்று நினைத்து வகுத்திருந்தால், நம் இரண்டு வினாடி வசனத்திலேயே கடைசி ‘ளா’வுக்கு வாய் பட்டியலில் உள்ள நேரத்தைவிட 150 மில்லிவினாடிக்கு மேல் பிந்திவிடும். நேரமெல்லாம் சரியாக இருந்து சில ஒலிகளில் மட்டும் உறுத்தினால் கடிகாரத்தைத் தொட வேண்டாம், கோளாறு வடிவ ஒதுக்கீட்டில் இருக்கிறது. மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி ‘ஒட்டலை’ என்றுதான் தோன்றும். எது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதில் பல மாலைகள் வீணாகியிருக்கின்றன.

தயாரிப்பாளர் கையில் இல்லாத தாமதம் ஒன்று மிச்சமிருக்கிறது. புளூடூத் காது ஒலிப்பான் மாட்டிக்கொண்டு விளையாடுபவருக்கு ஒலி 200 மில்லிவினாடி பிந்திச் சேருவது சாதாரணம். நாம் முன்னால் தள்ளிய 30-ஐயும் சேர்த்தால் 230, பொறுத்துக்கொள்ளும் எல்லையான 185-ஐத் தாண்டிவிட்டது. மாதிரிகளை எண்ணும் நம் நிரல் ஒலி கருவியைவிட்டுக் கிளம்பியதைத்தான் அறியும், காதைச் சேர்ந்ததை அறியாது. சில விளையாட்டுகள் அமைப்புகள் பக்கத்தில் ஒலித் தாமதத்துக்கு ஒரு நழுவு பட்டையைக் கொடுக்கின்றன. உள்ளே அது செய்வது மேலே உள்ள நிரலின் `t`-யிலிருந்து ஓர் எண்ணைக் கழிப்பது மட்டுமே. வாயைப் பின்னுக்கு இழுத்து, தாமதமாக வரும் குரலுக்காகக் காத்திருக்க வைக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பது ஒவ்வொரு காது ஒலிப்பானுக்கும் வேறுபடுவதால், அதை விளையாடுபவரே பார்த்தும் கேட்டும் நகர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் சரிபார்ப்பதற்கென்று ஒரு பாத்திரத்தைப் பேசவிடுவதாக இருந்தால், அதற்கு ‘மாமா’, ‘பாப்பா’ என்று உதடு ஒட்டும் சொற்கள் நிறைந்த வசனமாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது.